நாலாவது விடைக்கு ஆள் தேவை

ஆள் தேவை. பதவி: பிழையான விடை. வேலை செய்யும் இடம்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்காவது அச்சாகும் தவணைப் பரீட்சைத் தாள், விஞ்ஞானம், பகுதி ஒன்று. கடமை: சரியான விடைக்குப் பக்கத்தில் நின்று, பாடம் விளங்காத பிள்ளையை "இங்கை வா" என்று தன் பக்கம் கூப்பிடுதல்; விளங்கிய பிள்ளையைப் பேசாமல் போகவிடுதல். தகைமை: பார்த்தால் உண்மைபோல இருக்கவேண்டும், உண்மையாக இருக்கக்கூடாது. வெற்றிடம்: வினா 40, வினாவுக்கு மூன்று பேர், ஆக 120. இப்போது அந்தக் கதிரைகளில் இருப்பவர்கள் காலையில் இடாப்பில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதால் இந்த விளம்பரம் தேவைப்பட்டது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வினா. இதைப் போன்றது எங்கள் பிள்ளைகளின் கொப்பிக்குள் எத்தனையோ கிடக்கும்.

ஒளித்தொகுப்பின்போது வெளிவிடப்படும் வாயு யாது?
(1) நீர்
(2) வெல்லம்
(3) ஒட்சிசன்
(4) சூரிய ஒளி

நான்கில் ஒன்றுதான் வாயு. ஒளித்தொகுப்பு என்ற சொல்லை வாழ்க்கையில் கேட்டிராத ஆள்கூட 3 போடுவார். அவருக்கும் ஒரு புள்ளி, இலைத் துளையிலிருந்து எல்லாம் விளங்கிய பிள்ளைக்கும் ஒரு புள்ளி. மற்ற மூன்று பேரும் அங்கே என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்யவில்லை. இந்த நாட்டில் சில கந்தோர்களில் கதிரையில் கோட்டை மட்டும் தொங்கவிட்டுவிட்டு ஆள் வெளியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே கோட்டுக்கூட இல்லை.

என் மைத்துனர் மீன் தரகு செய்கிறவர். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் தனக்கு எத்தனைதரம் கைகொடுக்கவில்லை என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். போன வருடம் மூன்றாம் தவணைத் தாள் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒவ்வொரு வினாவையும் வெள்ளைத் தாளால் மூடி, நான்கு விடைகளை மட்டும் பார்க்கவிட்டேன். வினாவே தெரியாமல் 40க்கு விடை போடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கணக்கின்படி 10 வரவேண்டும். அவர் 21 எடுத்தார்.

"எப்பிடி அத்தான்?" என்றேன்.

"உதிலை என்ன தம்பி இருக்கு. ஆக நீட்டா எழுதியிருந்தா அது சரி. பொய்யை நீட்டி எழுத ஆருக்கு நேரம் இருக்கு? 'எப்போதும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' எண்டு வந்தா பிழை. 'மேற்கூறிய யாவும்' எண்டு கிடந்தா கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடு. ஒண்டும் இல்லாட்டி மூண்டு."

இதைத்தான் குடாநாட்டு ரியூட்டரிகளில் தகரக் கொட்டிலுக்குக் கீழே 200 பிள்ளைகளை வாங்கில் நெருக்கி இருத்தி, மைக் பிடித்து, காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள். மைத்துனருக்கு மீன் விற்ற அனுபவத்தில் இலவசமாக வந்துவிட்டது. நெடுநீளமாக வருணிக்கிற மீனில் பழுது இருக்கும், வினாத்தாளில் மாத்திரம் மறுவளம் என்றும் ஒரு தத்துவம் சொன்னார்.

வினாவைத் திறந்துவிட்டாலோ இன்னும் மோசம். ஏனென்றால் எங்கள் தமிழே காட்டிக்கொடுத்துவிடும். "பின்வருவனவற்றுள் முலையூட்டிகள் ஆவன" என்று பன்மையில் வினாவை முடித்துவிட்டு, கீழே "முதலை", "சுறா", "தவளை", "திமிங்கிலமும் வௌவாலும்" என்று போட்டால், விலங்கியல் தெரியவேண்டியதில்லை, ஆறாம் வகுப்பு இலக்கணம் போதும். ஒருமை பன்மை மயங்காமல் எழுத வேண்டும் என்று படிப்பித்த தமிழ் ரீச்சருக்கு அந்தப் புள்ளியைக் கொடுப்பதுதான் நியாயம். இதற்கு நேர்மாறான வித்தையும் உண்டு. "பின்வருவனவற்றுள் தவறல்லாதது எது?" என்று கேட்பது. பாடம் தலைகீழாகத் தெரிந்த பிள்ளை இரண்டு எதிர்மறைக்குள்ளே கால் இடறி விழும். விழுந்ததும் தாள் எழுதியவர் "நல்ல இறுக்கமான பேப்பர்" என்று மீசை தடவுவார். வினா கடினமாவது வேறு, வசனம் கோணலாவது வேறு என்ற வேறுபாடு எங்களில் பலருக்கு ஓய்வூதியம் வரும்வரை பிடிபடுவதில்லை.

இனி இந்தத் தாள்கள் எங்கே பிறக்கின்றன என்று பார்ப்போம். பெயர் சொல்லமாட்டேன். ஒரு மண்டபம், ஒரு பின்னேரம், ஆறேழு ஆசிரியர்கள், பிளேன்ரீ, வடை. எனக்கும் அதில் ஒரு கதிரை இருந்தது. ஆளுக்கு ஆறு வினா பொறுப்பு. பாதிப்பேர் பென்டிரைவோடு வந்திருந்தார்கள். பழைய தாளிலிருந்து எடுத்து ஒட்டுவது. பாமினி எழுத்துருவில் அடித்ததை வேறொன்றில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும், அதைத் திருத்துவதற்கே பின்னேரம் போதாது. திருத்தி முடிந்ததும் வினா முடிந்தது என்று கணக்கு. எழுத்துரு மாற்றுவதற்கு இருந்த பொறுமையில் நாலிலொரு பங்கு விடைகளை யோசிக்க இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"சேர், மூண்டு விடை வந்திட்டுது. நாலாவதுக்கு என்ன போடுறது?" என்று இளம் ரீச்சர் ஒருவர் கேட்டார்.

"யாவும் எண்டு போடும் பிள்ளை. வடை ஆறுது."

அந்தப் பின்னேரம் நான் கொண்டுபோன ஒரு வினாவைப் பற்றித்தான் சொல்லவந்தேன். எங்கள் வழக்கமான வினா இப்படி இருக்கும்: "யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் தேங்கியிருக்கும் பாறை எது?" விடை சுண்ணாம்புக்கல். இதைப் பிள்ளை ஐந்தாம் வகுப்பிலிருந்து சொல்லிவருகிறது. சுண்ணாம்புக்கல் என்ற சொல் வாயில் இருக்கிறது என்பதை மட்டும் இந்த வினா அறியும். வீட்டுக் கிணறு ஏன் ஆவணியில் உவர்க்கிறது என்று அதே பிள்ளையைக் கேளுங்கள், முழிக்கும்.

விசயம் இதுதான். எங்கள் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஆறு. பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேலே மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கொஞ்சம் பாரம். அதனால் ஒன்றின்மேல் ஒன்று நிற்கிறது. கணக்கின்படி கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழேயிருக்கும் உவர்நீருக்கு அந்த 40 அடியும் மேலே ஏறி வர வழி திறக்கிறது. கிணற்றுக்கு நேர்கீழே அது கூம்பு போல எழும்பும். துலாவால் இறைத்த காலத்தில் அந்தக் கூம்பு எழும்ப நேரம் கொடுக்கவில்லை, மோட்டர் கொடுத்தது.

இது விளங்கியதா என்று அறிய வேண்டுமானால் "ஏன்" என்று கேட்டுப் பயனில்லை; அதற்கும் ஒரு வசனம் பாடமாக்கிவிடுவார்கள். விளங்கியவன் மட்டும் சரியாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேட்கவேண்டும். நான் எழுதியது இது:

வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிணறு. ஆவணி மாதத்தில் நான்கு மணித்தியாலம் தொடர்ந்து மோட்டரால் இறைத்தால் நீர் உவர்க்கிறது. ஒருநாள் இறைக்காமல் விட்டால் உவர்ப்புக் குறைகிறது. இந்த உவர்ப்பைக் குறைக்கத் தோட்டக்காரர் செய்யக்கூடியது எது?

இதற்குச் சரியான விடை, அதே அளவு நீரை இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைப்பது. இனிப் பிழையான விடைகள். எங்கே எடுப்பது? கதிரையில் இருந்து யோசித்தால் வராது. யோசிக்கிறவர் விசயம் தெரிந்தவர். தெரியாதவன் எப்படிப் பிழைவிடுவான் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். வழி மிகச் சுலபம். தாள் எழுதுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு வகுப்பில் அரைத்தாள் கொடுத்து, விடைகள் எதுவும் காட்டாமல் அதே வினாவைக் கேட்பது. வருகிற பிழைகளை எண்ணுவது. அதிகம் வந்த பிழைகள்தான் உங்கள் பிழையான விடைகள், பிள்ளைகளின் சொற்களிலேயே. இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1980களில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஹலூன், ஹெஸ்டெனெஸ் என்ற இரண்டு பௌதிகக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள்; அந்த வழியில் வந்து 1992இல் வெளியான விசை பற்றிய வினாத்தொகுப்பு, நியூட்டனின் விதிகளைப் பாடமாகச் சொல்லத் தெரிந்த பல்கலைக்கழக மாணவர்கள் எத்தனை பேருக்கு அவை விளங்கவில்லை என்று உலகத்துக்குக் காட்டியது. கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் அதில் விழுந்தார்கள். ஏனென்றால் பிழையான விடை ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பிள்ளை உண்மையாகவே நம்பிய எண்ணம் இருந்தது.

என் அரைத்தாள்களில் வந்தவை: "கிணற்றை இன்னும் பத்தடி ஆழமாக்கவேண்டும், அடியில் நல்ல தண்ணி இருக்கும்." இதுதான் அதிகம். அப்பா செய்ததைப் பார்த்திருக்கிறார்கள். உவரை நோக்கி இன்னும் பத்தடி இறங்குகிறோம் என்பது விளங்காதவனுக்கு இது மிக நியாயமான யோசனை. அடுத்தது: "கிணற்றை ஒருக்கா முழுக்க இறைச்சு விட்டால் புது ஊற்று வரும்." அசுத்தமான கிணற்றுக்குச் சரியான வைத்தியம், உவர்த்த கிணற்றுக்கு நஞ்சு. மூன்றாவதாக ஒரே ஒரு பிள்ளை எழுதியது: "நெல்லிக்கட்டை போடலாம் என்று அம்மம்மா சொன்னவ." எனக்கு வாயெல்லாம் பல். நாலாவது விடைக்கு ஆள் கிடைத்துவிட்டது. என் முதல் வரைவு:

(1) கிணற்றை மேலும் 10 அடி ஆழமாக்குதல்
(2) கிணற்று நீர் முழுவதையும் இறைத்து வெளியேற்றுதல்
(3) நன்னீர்ப் படையின் அடியிலுள்ள உவர்நீர் மேலெழாதவாறு, நாளொன்றுக்குத் தேவையான நீரை இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல்
(4) கிணற்றினுள் நெல்லிக்கட்டை இடுதல்

மைத்துனரிடம் காட்டினேன், வினாவை மூடிக்கொண்டு. ஒரு கணமும் எடுக்கவில்லை. "மூண்டு." அத்தனை யோசித்தும் சரியான விடையை நான் நீட்டிவிட்டேன், அதற்குள்ளேயே காரணத்தையும் வைத்துவிட்டேன். உண்மை எழுதுகிறவனுக்குப் பயம் அதிகம். ஒருவரும் பிழை பிடிக்கக்கூடாதென்று சொல்லுக்குச் சொல் வேலி போடுவான். பொய்க்கு வேலி தேவையில்லை. "அதே அளவு நீரை இடைவெளி விட்டு இறைத்தல்" என்று வெட்டினேன். அதன்பிறகு மைத்துனர் தலையைச் சொறிந்துகொண்டு வினாவைத் திறக்கச் சொன்னார். திறந்து வாசித்துவிட்டு, "ஆழமாக்கவேணும்" என்றார். அந்த ஒரு விடைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வேறொரு வகுப்பில் வைத்துப் பார்த்தேன். வினா வேலை செய்கிறதா என்று அறிய ஒரு கல்லூரிப் பட்டமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். விடைத்தாள்களை மொத்தப் புள்ளியின்படி அடுக்கி, மேலே இருந்து 12, கீழே இருந்து 12 எடுத்து, இந்த ஒரு வினாவுக்கு யார் என்ன போட்டார்கள் என்று எண்ணினால் போதும். சரியான விடையை மேல் 12இல் 9 பேர், கீழ் 12இல் 3 பேர். நல்லது, வினா ஆளை அடையாளம் காண்கிறது. ஆழமாக்குவதை மேலே 2, கீழே 5. இறைத்து வெளியேற்றுவதை மேலே 1, கீழே 4. இரண்டும் கடமையில் இருக்கின்றன. நெல்லிக்கட்டை? மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். என் செல்லப்பிள்ளை செத்துக்கிடந்தது. அம்மம்மா சொன்னது பரீட்சையில் ஒருநாளும் சரியாக வராது என்று எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு திருத்தமாகப் படிப்பித்திருக்கிறோம்!

எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன்: "கூரை மழைநீரைக் கிணற்றினுள் விடுதல்." அடுத்த வகுப்பில் எண்ணியபோது நெஞ்சு திக்கென்றது. அதைப் போட்டவர்களில் மேல் 12ஐச் சேர்ந்தவர்கள்தான் அதிகம். ஒரு பிழையான விடை கெட்டிக்காரரை இழுத்து மற்றவர்களை விட்டால், பிள்ளையில் பிழையில்லை, வினாவில் பிழை என்று அர்த்தம். யோசித்துப்பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயம். மழைநீரை உள்ளே விட்டால் நன்னீர்ப் படை தடிக்கும், உவர் கீழே போகும். ஆவணியில் மழை இல்லை என்பது என் மனதில் இருந்தது, வினாவில் இல்லை. அந்தப் பிள்ளைகள் என்னைவிட ஆழமாக யோசித்ததற்கு நான் சுழியம் போடவிருந்தேன். அந்த எண்ணிக்கையைச் செய்யாமல் விட்டிருந்தால் போட்டும் இருப்பேன், "கெட்டிக்காரப் பெடியன், கவனமில்லை" என்று ரிப்போட்டில் எழுதியும் இருப்பேன்.

நாலாவதுக்கு ஆள் இல்லை. அப்படியானால் மூன்றோடு விடலாம். மைக்கல் றொட்றீகஸ் என்பவர் 2005இல், 80 வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மூன்று விடையே பெரும்பாலும் போதும் என்று எழுதினார். நாலாவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் செத்த பிணங்கள். பிள்ளை அவற்றை வாசிக்கிற நேரத்தில் இன்னும் சில வினாக்களைக் கேட்டுவிடலாம். நானும் மூன்று விடையோடுதான் மண்டபத்துக்குப் போனேன்.

"நாலு வேணும் சேர். பெரிய சோதினையிலை நாலு."

"நாலாவது செத்த விடை. ஒருத்தரும் போடமாட்டினம்."

"போடாட்டி என்ன? இருந்தாச் சரி."

இருந்தால் சரி! இந்த வசனத்தை வடமாகாணத்தின் எத்தனை வாசல்களில் பொன்னெழுத்தில் பொறிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு வடையை எடுத்தேன்.

கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 40 வினாவில் வினாவுக்கு இரண்டு விடை செத்துப்போனால் மிச்சம் இரண்டு. காசு சுண்டிப் போட்டாலே 20 புள்ளி. நான்கும் உயிரோடு இருந்தால் சுண்டுகிறவனுக்கு 10தான். இடையிலுள்ள அந்த 10 புள்ளியை நாங்கள் கைநிறைய அள்ளி வீசுகிறோம், அதுவும் யாருக்கு? விடையில் மோப்பம் பிடிக்கப் பழக்கும் ரியூட்டரிக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு. தகப்பன் கடலுக்குப் போய், தாய் தோட்டக் கூலிக்குப் போய், பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து விளங்கிப் படித்த பிள்ளையின் விளக்கத்துக்கு அங்கே விலை இல்லை. 1970களின் தரப்படுத்தலில் பறிபோன புள்ளிகளைப் பற்றி அரைநூற்றாண்டாகப் பேசுகிற மண் இது, பேசவேண்டியதுதான். ஆனால் எங்கள் பிள்ளையின் புள்ளி எங்கள் கையாலேயே பெறுமதியிழப்பதைப் பற்றி ஒரு கண்டனக் கூட்டம், ஒரு பதாகை, ஒரு கறுப்புக்கொடி? 2024இல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் கசிந்ததற்கு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். சரியான காரியம். எங்கள் தவணைத் தாளில் முப்பது வினா பிறக்கும்போதே செத்துப் பிறக்கின்றன, கிராம சேவகரிடம்கூட ஒருவரும் போகவில்லை.

வழி தெரியாமல் அல்ல. பரீட்சைத் திணைக்களம் பெரிய பரீட்சைகளுக்குப் பிறகு மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகிறது. பல்தேர்வு வினா ஒவ்வொன்றிலும் முதலாம் விடையை எத்தனை வீதம் பேர் தெரிந்தார்கள், இரண்டாவதை எத்தனை வீதம் என்று அதில் அட்டவணை உண்டு. அதாவது நான் 24 தாளில் எண்ணியதை அவர்கள் நாடு முழுக்க எண்ணி வைத்திருக்கிறார்கள். நாட்டுப் பிள்ளைகள் என்ன பிழையை நம்புகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. ஒரு பாடசாலையின் ஆசிரியர் அறையில் அந்த அறிக்கையைக் கண்டேன். மின்விசிறிக்குப் பறக்காமல் இடாப்பின்மேல் பாரமாக வைத்திருந்தார்கள். நல்ல கனமான அறிக்கை.

பெரிய தாளையும் வணங்கிவிட வேண்டாம். சிங்களத்தில் எழுதி மொழிபெயர்க்கப்பட்ட வினா தமிழில் வரும்போது, வினைமுற்று வருவதற்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிற வசனங்கள் உண்டு. மொழிபெயர்ப்புப் பிழை பற்றிய முறைப்பாடு தமிழ்மொழிமூல ஆசிரியர்களுக்கு வருடாந்தத் திருவிழா. எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு குழப்பம் வைத்திருக்கிறோம். எங்கள் பாடப்புத்தகத்தில் திசை இல்லாதது கதி, திசையோடு சேர்ந்தது வேகம். தமிழ்நாட்டுப் புத்தகத்திலோ திசை இல்லாததுதான் வேகம், மற்றது திசைவேகம். பிள்ளை இரவில் தமிழ்நாட்டு மாஸ்ரரின் காணொளியைப் பார்த்துவிட்டுக் காலையில் எங்கள் தாளில் "வேகம்" என்ற சொல்லில் விழுகிறது. பௌதிகம் விளங்கித்தான் விழுகிறது. மேலேயும் கீழேயும் எண்ணிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். எண்ணுவது யார்?

என் கிணற்று வினா அந்த வருடத் தாளில் வந்தது. நாலாவது விடையாக, விவாதத்துக்குப் பிறகு, நெல்லிக்கட்டையைத் திரும்பவும் உட்கார வைத்தார்கள். மூன்றும் கடமை செய்ததால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பரீட்சை முடிந்து இரண்டு கிழமைக்குள் அது போட்டோக்கொப்பிக் கடையில் தொங்கியது. ஒரு மாதத்தில் ரியூசன் குறிப்பில், கட்டம் போட்டு: "கிணறு உவர்த்தால் – இடைவெளி – விடை 3." அத்தோடு வினா செத்தது. விளக்கத்தைக் கேட்ட வினா பாடமாக்கும் வினாவாகிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல வினாவின் ஆயுள் அவ்வளவுதான், அடுத்த வருடம் தோட்டக் கிணற்றை விட்டுவிட்டு, கடற்கரை விடுதி தோண்டிய குழாய்க்கிணறு என்று புதிதாக எழுதவேண்டியதுதான்.

எழுத என்னைக் கூப்பிடவில்லை. இந்த வருடத் தாளை மைத்துனரின் மகன் கொண்டுவந்து காட்டினான். பதினேழாவது வினா. அதே வலிகாமம், அதே ஆவணி, அதே நான்கு மணித்தியாலம். "ஒருநாள் இறைக்காமல் விட்டால் உவர்ப்புக் குறைகிறது" என்ற வசனம் மட்டும் இல்லை. இடம் காணாது என்று வெட்டியிருப்பார்கள். கீழே:

(1) கிணற்றை ஆழமாக்குதல்
(2) நீர் முழுவதையும் இறைத்தல்
(3) இடைவெளி விட்டு இறைத்தல்
(4) மேற்கூறிய யாவும்

"நீ என்ன போட்டனி?"

"மூண்டு, மாமா. கீழை உப்புத்தண்ணி இருக்கெல்லோ, ஆழமாக்கினா அது கெதியா வந்திடும்."

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றின்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளடி. பக்கத்தில் சரியான விடையை வட்டம் போட்டு எழுதியிருந்தார்கள்: 4.